குக்கர் கேட்பது துவரம்பருப்பு மட்டும்தான்

என் அக்கா மகன் சிங்கப்பூரில் யீஷூன் பக்கம் ஓர் அறை எடுத்துக் குடிபோன முதல் வாரமே அடுப்பங்கரையில் தடுக்கி விழுந்தான். அறை பேசும்போதே வீட்டுக்கார அம்மா ‘லைட் குக்கிங்’ மட்டும்தான் என்று சொல்லியிருந்தார். அதாவது பொரிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது, சாயங்காலம் 7 மணிக்கு உள்ளே போனால் 8 மணிக்கு அடுப்பைத் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பையனுக்குச் சமையல் ஓரளவு வரும். ஊரிலிருந்து அவன் அம்மா துணிமணிக்கு நடுவே பொதிந்து அனுப்பிய 3 லிட்டர் குக்கர் கையில் இருந்தது. அதை அடுப்பில் வைத்தான். அடுப்பு நாலு தரம் ‘பீப்’ என்றுவிட்டு அணைந்துவிட்டது.

அது அலுமினியக் குக்கர், அடுப்போ இண்டக்‌ஷன். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் அந்த அடுப்பு சூடாக்கும். ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தை அடியில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஊரில் எரிவாயு அடுப்பில் பத்து வருஷம் உழைத்த குக்கருக்கு இந்த வீட்டில் வேலை இல்லை.

“சித்தி, புதுசா ஒண்ணு வாங்கிடவா? இல்ல சட்டியிலயே வேகவெச்சுக்கலாமா? சட்டின்னா மூணு மடங்கு நேரம் ஆகும்னு அம்மா சொல்றாங்க. எனக்கு இருக்கிறதே ஒரு மணி நேரம்.”

அம்மா சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. பதில் சொல்வதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் செங்காங் வீட்டில் கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, குக்கரிலும் மூடி போட்ட சாதாரண எவர்சில்வர் சட்டியிலும் ஒரே அளவு பண்டங்களைப் போட்டு வேகவைத்துப் பார்த்தேன். அவனைப் போலவே ஓராள், ஈராள் அளவு. அடுப்பைப் பற்றவைத்த நொடியிலிருந்து, பண்டத்தைக் கரண்டியில் எடுக்கிற நொடிவரை எண்ணினேன். இப்படி எண்ணியதால்தான் கணக்கு மாறியது. ‘அஞ்சு விசில், பத்து நிமிஷம்’ என்று நாம் சொல்லும்போது இரண்டு நேரங்களை விட்டுவிடுகிறோம். முதல் விசில் வருவதற்குமுன் குக்கர் சூடேற எடுத்துக்கொள்ளும் ஆறேழு நிமிஷம் ஒன்று. அடுப்பை அணைத்தபின் ஆவி அடங்கக் காத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இன்னொன்று. சிறிய சமையலுக்கு விசில் அடிக்கும் நேரத்தைவிட இந்த இரண்டும் சேர்ந்தால் அதிகம்.

குக்கர் செய்வது ஒரே ஒரு வேலைதான். திறந்த சட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் கொதி வேகமாகுமே தவிர சூடு ஏறாது. மூடிய குக்கரில் ஆவி அழுத்தத்தால் அது 120 டிகிரி வரை போகும். வேகுதல் என்கிற மாற்றம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. அக்கா சொன்ன மூன்று மடங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த வேகம் கொதிக்கும் நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சூடேறுவதற்கும் ஆறுவதற்கும் பொருந்தாது. இன்னொன்று, சிங்கப்பூர் கடல்மட்டத்தில் இருக்கிறது. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்தவர்களின் புலம்பலை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சட்டிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

சோற்றை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. ஒரு கப் பொன்னிப் புழுங்கல் அரிசி, ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் அளந்தால் சுமார் 150 கிராம். அரை மணி ஊறவைத்து, அரிசியைப்போல ஆறு மடங்கு தண்ணீரில் உலை வைத்து, கொதித்ததும் களைந்து போட்டேன். உலை கொதிக்க 6 நிமிஷம், சோறு பதமாக 21 நிமிஷம், கஞ்சி வடிய 5 நிமிஷம். மொத்தம் 32. பிரஷர் குக்கரில் அதே அரிசி ஆவி அடங்கும்வரை 26 நிமிஷம். வித்தியாசம் ஆறு நிமிஷம். பச்சரிசி என்றால் அதுவும் கிடையாது, பன்னிரண்டு பதினான்கு நிமிஷத்தில் சட்டியிலேயே வெந்துவிடும். இங்கே எல்லாப் பேரங்காடியிலும் கிடைக்கிற தாய்லாந்து மல்லிகை அரிசியும் அப்படித்தான். புழுங்கல் அரிசி ஏற்கெனவே ஒருமுறை அவிக்கப்பட்டு இறுகிப்போனது என்பதால்தான் கூடுதல் நேரம் கேட்கிறது.

இதில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, நம் வீட்டு ரைஸ் குக்கரும் ஒரு திறந்த சட்டிதான். அதில் அழுத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். தண்ணீர் தீர்ந்து சூடு மேலே ஏறத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் காந்தச் சுவிட்சு விட்டுவிடும், ‘டக்’ என்று விளக்கு மாறும். வீட்டுக்கு வீடு தினம் இதில்தான் பொங்குகிறோம், நேரம் ஆகிறது என்று யாரும் அழவில்லை. அதனால் சோற்றுக்காகக் குக்கர் வாங்க வேண்டாம் என்று பையனிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

உருளைக்கிழங்கில் நேரத்தைத் தீர்மானிப்பது பாத்திரம் அல்ல, கத்தி. 150 கிராம் எடையுள்ள நான்கு கிழங்கை முழுசாகத் தோலோடு சட்டியில் போட்டால் 35 நிமிஷம், குக்கரில் மூன்று விசிலும் ஆவியும் சேர்த்து 24. அதே கிழங்கைத் தோல் சீவி 2 சென்டிமீட்டர் துண்டுகளாக்கிச் சட்டியில் போட்டேன். தண்ணீர் கொதித்தபின் 11 நிமிஷத்தில் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. சூடு வெளியிலிருந்து நடுவுக்கு நடந்து போக வேண்டும். தடிமன் பாதியானால் அந்த நடைக்கு நேரம் பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். எனவே நறுக்கிய கிழங்கு முழுக் கிழங்குக் குக்கரை முந்திவிடுகிறது.

அதில் இரண்டு கவனம் வேண்டும். கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஓரம் மாவாகிக் கரையும், நடு நறுக்கென்று நிற்கும். பொரியலுக்கோ மசாலாவுக்கோ எடுப்பதானால் வடித்த பிறகு வெறும் சட்டியில் ஒரு நிமிஷம் குலுக்கி ஈரம் போக்க வேண்டும். நறுக்கிய துண்டு தண்ணீர் குடித்திருக்கும், அப்படியே தாளித்தால் குழைந்து பிசுபிசுக்கும். போண்டாவுக்கு உலர்ந்த கிழங்கு வேண்டும் என்பவர்கள் மட்டும் தோலோடு முழுசாக வேகவைத்து அந்த 35 நிமிஷத்தைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். துவரம்பருப்பு.

100 கிராம் துவரம்பருப்பு, ஊறவைக்காமல், கழுவி நேராகக் குக்கரில். ஐந்து விசில், ஆவி அடங்கித் திறந்தபோது 27 நிமிஷம். கரண்டியின் முதுகால் அழுத்தினாலே மசிந்தது. அதே பருப்பு சட்டியில், ஊறவைக்காமல், 58 நிமிஷம். மூன்று மடங்கு இல்லை, ஆனால் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு மணி நேர அடுப்பங்கரைக்காரனுக்கு இது சமையலே நடக்காது என்பதற்குச் சமம். இரண்டு மணி நேரம் ஊறவைத்து மறுபடியும் சட்டியில் போட்டேன்: 34 நிமிஷம். குக்கரைவிட ஏழு நிமிஷம்தான் அதிகம். ஊறவைத்த பருப்புக்குள் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டதால் சூடு உள்ளே போவதும் மாவுச்சத்து வீங்குவதும் உடனே தொடங்கிவிடுகின்றன. ஊறாத பருப்பு முதல் இருபது நிமிஷத்தைத் தண்ணீர் குடிப்பதிலேயே செலவழிக்கிறது.

காலையில் வேலைக்குப் போகும்போது ஊறப்போட்டுவிட்டால் சாயங்காலம் தயாராக இருக்குமே என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். இந்த ஊர்ச் சூட்டில் பத்து மணி நேரம் மேடையில் கிடந்த பருப்பு நுரைத்து, இட்லி மாவுபோல ஒரு வாடை வந்துவிடும். டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றும் ஆகாது. குளிரில் ஊறுவது மெதுவாகத்தான் நடக்கும், பத்து மணி நேரம் அதற்குத் தாராளம்.

சட்டியில் பருப்பு வைக்கிறவருக்கு முதல் பத்து நிமிஷம்தான் ஆபத்தான நேரம். கொதி வந்ததும் வெள்ளை நுரை பொங்கி எழும். எரிவாயு அடுப்பில் அது வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம். இண்டக்‌ஷனில் தொடுபொத்தான்மேல் வழிந்தால் அடுப்பு அணைந்துவிடும், நீங்கள் கவனிக்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பீர்கள், பருப்பு வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்கும். நுரையைக் கரண்டியால் ஒருமுறை எடுத்துவிட்டு, அரை ஸ்பூன் நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் போட்டு, கொதியைக் குறைத்து, மூடியைக் கரண்டி இடுக்கி ஓரமாகத் திறந்து வையுங்கள். கொதி தளதளவென்று இருந்தாலும் மெல்ல முட்டைவிட்டாலும் சூடு அதே 100 டிகிரிதான், பருப்புக்கு இரண்டும் ஒன்று. கூடுதல் மின்சாரம் தண்ணீரை ஆவியாக்கத்தான் போகிறது. தண்ணீர் வற்றினால் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொட்டினால் கொதி நின்று, மறுபடி ஏறுவதற்குள் நாலைந்து நிமிஷம் போய்விடும்.

புளி, தக்காளி, மாங்காய், எலுமிச்சை எதுவும் பருப்பு மசியும்வரை சட்டிக்கு அருகில் வரக்கூடாது. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்கிற பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாது. குக்கரில் தக்காளியோடு சேர்த்துப் போட்டுப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். அங்கே 120 டிகிரி அந்தத் தடையை மிதித்துக்கொண்டு போய்விடும், சட்டியின் 100 டிகிரிக்கு அந்தப் பலம் இல்லை. உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான்; வேகாத கிழங்கைப் புளித்தண்ணீரில் போட்டால் முக்கால் மணி நேரம் ஆனாலும் பல்லில் நறநறக்கும். உப்பை எல்லாரும் திட்டுவார்கள், அது இவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை.

இதையெல்லாம் வாட்ஸ்ஆப்பில் ஒலிப்பதிவாக அனுப்பினேன். மறுநாள் 7.50 மணிக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. தெளிந்த மஞ்சள் தண்ணீர், அதனடியில் ஓரம் மழுங்காமல் தனித்தனியாகக் கிடக்கும் பருப்பு.

“சித்தி, ஊறவெச்சேன். நுரை எடுத்தேன். அம்பது நிமிஷம் ஆச்சு. கல்லு மாதிரி இருக்கு.”

“எந்தப் பருப்புடா அது? எப்ப வாங்கினே?”

“வாங்கல. முன்னாடி இருந்தவங்க அலமாரியில விட்டுட்டுப் போனது. பாக்கெட் பாதி இருந்துச்சு.”

திறந்த பாக்கெட்டாக எத்தனை மாதம் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் இருந்ததோ. இங்கே சட்டிச் சமையலுக்கு முதல் எதிரி இதுதான். சூடும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றில் பருப்பு மாதக்கணக்கில் கிடந்தால் அதற்கு வயசாகிவிடுகிறது. புதுப் பருப்பில் கால்சியமும் மக்னீசியமும் ஃபைடேட் என்கிற பொருளிடம் சிறைப்பட்டிருக்கும். கிடக்கக் கிடக்க அந்த ஃபைடேட் சிதைந்து, விடுபட்ட கால்சியம் போய் அந்தப் பெக்டின் பசையைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் அது கரைவதில்லை. பூச்சி இல்லை, வாடை இல்லை, நிறம்கூடப் பெரிதாக மாறவில்லை, ஆனால் வேகாது. குக்கர் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அஞ்சு விசிலுக்குப் பதில் எட்டு விசில் விட்டுவிட்டு மறந்துவிடுவார். சட்டிக்காரர்தான் உடனே கண்டுபிடிப்பார்.

அடையாளம் எளிது. நல்ல பருப்பு ஊறிக் கொதித்து இருபது நிமிஷத்தில் தண்ணீரைக் கலங்கலாக்கிவிடும், ஓரம் உதிரத் தொடங்கும். நாற்பது நிமிஷத்துக்கப்புறமும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அது பழசு. ஒரு பருப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கிப் பாருங்கள். வெந்தது என்றால் வழுக்கிக்கொண்டு மாவாகிவிடும். வேகாதது என்றால் இரண்டாகப் பிளந்து, நடுவில் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குத்தான். பருப்பில் பழசும் புதுசும் கலந்து டப்பாவில் கொட்டியிருப்போம், ஒன்று பூவாக மலர்ந்திருக்கும்போது பக்கத்தில் இருப்பது கல்லாகவே இருக்கும். நாலைந்தையாவது நசுக்கிப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்ன வைத்தியம் சமையல் சோடா. 100 கிராம் பருப்புக்கு ஒரு சிட்டிகை, தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சோடாவின் காரம் அந்தப் பசையை உடைக்கும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் மசிந்ததாம். கூடிப்போனால் சோப்பு வாடை வரும், பருப்பு வழவழக்கும், தயமின் என்கிற பி1 சத்தும் வீணாகும். அதனால் இது அவசரத்துக்கு மட்டும், வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். வழக்கம் என்பது அரைக் கிலோ பாக்கெட்டாகத் தேக்காவில் ஆள் புழங்கும் கடையில் வாங்கி, தேதி பார்த்து, வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பது. சலுகை விலையில் ஐந்து கிலோ மூட்டை வாங்குவது குக்கர் உள்ளவர் செய்ய வேண்டிய காரியம்.

துவரைமேல் அத்தனை பிடிவாதம் இல்லை என்றால் இந்தப் பாடு எதுவுமே வேண்டாம். மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலேயே 18 நிமிஷத்தில் கரைந்தது, பாசிப்பருப்பு 24. சாம்பாருக்குப் பாதித் துவரை பாதி மைசூர் என்று கலந்தால் துவரை கொஞ்சம் நிமிர்ந்து நின்றாலும் மற்றது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடும். ருசி மாறும்தான். என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அதைச் சாம்பார் என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இடையில் ஒரு சிநேகிதி, “தெர்மல் பாட் வாங்கிக் குடுங்க, கொதிக்கவெச்சு மூடிட்டா அதுவே வேகும்” என்றார். இங்கே சீனர் வீடுகளில் சூப்புக்கும் கஞ்சிக்கும் வைத்திருக்கும் வெற்றிடச் சுவர்ப் பாத்திரம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. கஞ்சிக்கு அருமை. அதில் 100 கிராம் துவரை போட்டு, பத்து நிமிஷம் கொதிக்கவைத்து மூடி, இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். வெள்ளைப் புள்ளி அப்படியே இருந்தது. பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருந்தால்தான் சூடு நிற்கும். அடியில் கொஞ்சம் பருப்பும் தண்ணீரும் இருந்தால் சீக்கிரமே 85 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும், அங்கே பெக்டின் கரைவது அநேகமாக நின்றுபோகும். ஓராள் சமையலுக்கு இது ஒத்துவராது.

மின்சாரச் செலவு சட்டியில் எகிறிவிடுமே என்ற பயமும் அவனுக்கு இருந்தது, வீட்டுக்கார அம்மா பில் பார்ப்பாரே என்று. கொதித்தபின் குறைத்து வைத்தால் அந்த 58 நிமிஷப் பருப்புக்கும் அரை யூனிட்டுக்குள்தான் ஆகும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் 15 காசு. குக்கருக்கு அதில் பாதி. வாரம் மூன்று முறை பருப்பு வைத்தால் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வெள்ளி மிச்சம், அவ்வளவுதான். முழுக் கொதியிலேயே விட்டுவிட்டால் மட்டும் இரண்டு மடங்குக்குமேல் போகும். இண்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர்க் குக்கருக்கு நான் எழுபது வெள்ளிக்கு மேல் கொடுத்தேன், காசை மிச்சப்படுத்துகிறேன் என்று சொல்லி அதை வாங்க முடியாது.

அப்படியானால் அவனுடைய ஒரு மணி நேரத்துக்குள் சோறு, கத்தரிக்காய்ச் சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல் மூன்றும் அடங்குமா? என் வீட்டில் ஒரு சாயங்காலம் அவனை நிற்கவைத்தே செய்து பார்த்தோம். இரண்டு இண்டக்‌ஷன் வட்டம், ஒரு ரைஸ் குக்கர். 7 மணிக்கு, ஃபிரிட்ஜில் காலையிலிருந்து ஊறிய பருப்பு ஒரு வட்டத்தில், ரைஸ் குக்கரில் பொத்தான். 7.05க்கு நுரை எடுத்தாயிற்று. 7.12 வரை கிழங்கு நறுக்கல். நறுக்கியது இரண்டாவது வட்டத்தில் குளிர்ந்த தண்ணீரோடு ஏறியது. 7.28க்குக் கிழங்கு வடித்தாயிற்று. அது ஆறும்போது கத்தரிக்காயையும் சின்ன வெங்காயத்தையும் அதே சட்டியில் புளித்தண்ணீரோடு வைத்தோம். கத்தரிக்காய் மென்மையான காய், புளியிலும் வெந்துவிடும். 7.36க்குப் பருப்பை நசுக்கிப் பார்த்தோம், ஐந்தில் ஐந்தும் மாவானது. குக்கர்ப் பருப்புபோலத் தானாக மசிந்திருக்காது, மத்து வேண்டும். ஒரு நிமிஷம் கடைந்தான். அதைப் புளிக்குழம்பில் ஊற்றிப் பொடி போட்டுக் கொதிக்கவிட்டு, காலியான வட்டத்தில் கிழங்கைத் தாளித்தான். 7.54க்கு மேடை துடைத்தாயிற்று. ஆறு நிமிஷம் மிச்சம்.

குக்கர் இருந்திருந்தால் அதே சாயங்காலம் 7.45க்கு முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக எழுபது வெள்ளியும், விசில் சத்தத்துக்கு வீட்டுக்கார அம்மா ஓடிவருவாரோ என்ற பயமும் வேண்டாம் என்பது என் தீர்ப்பு. இன்னொன்றையும் சொன்னேன்: சின்னக் குக்கரில் பருப்பைப் பாதிக்குமேல் நிரப்பினால் நுரை ஏறி ஆவித்துளையை அடைத்துக்கொள்ளும், அதனால் நாலு பேருக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் எடுபடாது.

என் தீர்ப்பு மாறும் இடமும் உண்டு. வாரம் தவறாமல் கொண்டைக்கடலை சாப்பிடுகிற வீடு என்றால் வாங்கிவிடுங்கள். இரவெல்லாம் ஊறிய கடலையே சட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கவைக்கும், அங்கே அந்த மூன்று மடங்கு நிஜமாகவே தெரியும். பிள்ளைகள் இருக்கிற, தினமும் பருப்பு வைக்கிற வீட்டுக்கும் காவல் காக்காமல் விட்டுவிட்டுப் போகிற வசதிக்காகவே குக்கர் தகும். என் வீட்டில் இருப்பதும் அதற்காகத்தான். தனியாக இருக்கிற பையனுக்கு இப்போதைக்கு ஒரு நல்ல அடிகனமான சட்டி, ஒரு மத்து, ஃபிரிட்ஜில் ஒரு டப்பா போதும்.

போன வாரம் கூப்பிட்டான். வீட்டுக்கார அம்மா ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு, தண்ணீரில் ஊறுகிற மஞ்சள் பருப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டாராம். பருப்பு என்று சொன்னானாம். இனிப்புச் சூப்புக்கா என்று கேட்டாராம். இல்லை, சாம்பாருக்கு என்று ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறான். அன்றிலிருந்து 8 மணி என்பது 8.15 ஆகியிருக்கிறதாம்.